புலப்படத்தில் எட்டு சென்ட் எங்கே போனது?



பட்டா, சிட்டா, புலப்படம் என்று காகிதங்களைத் தூக்கிக்கொண்டு நம் டிரஸ்ட் அலுவலகத்துக்கு வருகிறவர்கள் அதிகம். மனு எழுதித் தருவதும், எந்தக் கவுண்டருக்குப் போக வேண்டும் என்று சொல்வதும் நமக்குப் பழக்கமான வேலைதான். ஆனால் சென்ற மாதம் ஒரு தம்பி வந்தபோது அவர் கையில் இருந்தது பட்டா மனு இல்லை. பக்கத்துக் காட்டுக்காரர் மீது காவல் நிலையத்தில் கொடுப்பதற்காக எழுதி வைத்திருந்த புகார். நம்மிடம் கேட்டது ஒரே உதவிதான்: அதைக் கம்ப்யூட்டரில் டைப் அடித்துத் தர வேண்டும்.

விஷயம் இதுதான். அவருடைய வாப்பா மௌத்தாகி ஓராண்டு ஆகிறது. உம்மா அதற்கு முன்பே காலமாகிவிட்டார்கள். பிள்ளைகள் மூன்று பேர், இவரும் இரண்டு லாத்தாமார்களும். சங்கரன்கோவிலுக்குக் கொஞ்சம் வெளியே வாப்பா விட்டுப்போன கரிசல் நிலம் ஒன்று இருக்கிறது. ஆலிம் ஒருவர் பங்கு பிரித்து எழுதிக் கொடுத்துவிட்டார்: நிலத்தை நான்கு பாகமாக்கி மகனுக்கு இரண்டு, மகள்களுக்கு ஒவ்வொன்று. அதன்படி கோடு போடலாம் என்று தம்பி புலப்படத்தை எடுத்து ஸ்கேல் வைத்து அளந்திருக்கிறார். பட்டாவில் 24 ஏர் என்று இருக்கிறது. படத்தில் அளந்து கணக்குப் போட்டால் இருபது ஏருக்குச் சற்றுக் கூடத்தான் வருகிறது. சென்ட்டில் சொன்னால் 59 இருக்க வேண்டிய இடத்தில் 51.

"எட்டு சென்ட்டைக் காணோம் காக்கா. வடக்கே வேலி போட்டிருக்கிற அண்ணாச்சி தள்ளிப் போட்டுட்டார்" என்றார். அண்ணாச்சியுடன் ஏற்கெனவே ஒரு தடவை வாய்த்தகராறும் ஆகிவிட்டது. வாப்பா காலத்தில் ஒரே கிணற்றுத் தண்ணீரை முறை வைத்துப் பாய்ச்சியவர்கள்.

புகாரை ஓரமாக வைத்துவிட்டு, முதலில் படத்தைக் காட்டுங்கள் என்றோம்.

ஒரு வார்த்தையைத் தெளிவாக்கிக்கொள்வோம். நம் ஊரில் கையில் பிடித்துக் கோடு போடும் பிளாஸ்டிக் பட்டைக்கும் ஸ்கேல் என்றுதான் பெயர், படத்தின் மூலையில் 1:1000 என்று அச்சிட்டிருப்பதற்கும் ஸ்கேல் என்றுதான் பெயர். குழப்பம் வராமல் இருக்க, பின்னதை இந்தக் கட்டுரையில் 'அளவை' என்கிறோம். 1:1000 என்ற அளவைக்குப் பொருள், படத்தில் ஒன்று என்றால் தரையில் ஆயிரம் என்பது. படத்தில் 1 செ.மீ. இருந்தால் தரையில் 1000 செ.மீ., அதாவது 10 மீட்டர். படத்தில் 1 மில்லிமீட்டர் இருந்தால் தரையில் 1 மீட்டர். இதற்கு மேல் அதில் ரகசியம் எதுவும் இல்லை. தம்பிக்கும் இது தெரிந்துதான் இருந்தது. அவர் போட்ட கணக்கில் ஒரு பெருக்கல் கூடத் தப்பில்லை.

அவர் செய்தது இப்படி. நிலத்துக்கு நான்கு மூலை. மேற்கு மூலையை அ, வடக்கு மூலையை ஆ, கிழக்கு மூலையை இ, தெற்கு மூலையை ஈ என்று வைத்துக்கொள்வோம். அ-விலிருந்து இ-க்கு நிலத்தின் குறுக்கே ஒரு கோடு போட்டால் நிலம் இரண்டு முக்கோணங்களாகிவிடும். நில அளவைத் துறை கையாண்டு வருவதும் இந்த முறைதான். எவ்வளவு கோணலான புலமாக இருந்தாலும் உள்ளே முக்கோணங்களாகப் பிரித்து, ஒரு அடிக்கோட்டிலிருந்து மூலைகளுக்குச் செங்குத்தாக எவ்வளவு தூரம் என்று அளந்து குறித்து வைப்பார்கள். முக்கோணத்தின் பரப்பு பள்ளிக்கூடக் கணக்கு: அடிக்கோட்டையும் அதற்குச் செங்குத்தான உயரத்தையும் பெருக்கிப் பாதியாக்க வேண்டும்.

தம்பி கொண்டுவந்தது யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்பி, கடையில் பிரின்ட் எடுத்து, அதையும் ஜெராக்ஸ் எடுத்த பிரதி. கோடுகளின் மேல் எழுதியிருக்கும் நீள எண்கள் மங்கிப் போயிருந்தன. பட்டாப் பரப்பும் 1:1000 என்பதும் மட்டும் தெளிவாக இருந்தன. அதனால்தான் அவர் ஸ்கேலை வைத்து அளந்தார். அ–இ கோடு 7.4 செ.மீ.; எனவே 74 மீட்டர். ஆ மூலைக்கு உயரம் 3 செ.மீ.; 30 மீட்டர். எதிர்ப்பக்கம் ஈ மூலைக்கு 2.6 செ.மீ.; 26 மீட்டர். இரண்டு உயரத்தையும் கூட்டினால் 56. எழுபத்து நான்கை ஐம்பத்தாறால் பெருக்கிப் பாதியாக்கினால் 2072 சதுர மீட்டர். ஒரு ஏர் என்பது 100 சதுர மீட்டர். ஒரு சென்ட் என்பது 40.47 சதுர மீட்டர், நமக்குப் பழக்கமான கணக்கில் 435.6 சதுர அடி. ஆக 20.72 ஏர், அதாவது 51.2 சென்ட். பட்டாவின் 24 ஏர் 59.3 சென்ட். குறைவது எட்டு சென்ட்.

நாம் அலுவலகக் கம்ப்யூட்டரில் eservices.tn.gov.in பக்கத்துக்குப் போய், மாவட்டம், வட்டம், கிராமம், புல எண் கொடுத்து அதே புலப்படத்தைத் திறந்தோம். திரையில் எண்கள் பளிச்சென்று தெரிந்தன. அ–இ கோட்டின் மேல் 80.0 என்று இருந்தது. தம்பியின் காகிதத்தில் அதே கோடு 7.4 செ.மீ. தான். 1:1000 என்றால் எண்பது மீட்டர் 8 செ.மீ. ஆக வேண்டுமே?

இந்த இடத்தில்தான் எட்டு சென்ட் கிடைத்தது. நிலத்தில் ஒன்றும் குறையவில்லை, காகிதம் சுருங்கியிருக்கிறது. பிரின்ட் எடுக்கும்போது Fit to page என்று இருந்தால், மிஷின் பக்கத்தின் ஓரம் வெட்டுப்படாமல் இருப்பதற்காகப் படம் முழுவதையும் கொஞ்சம் குறுக்கிக்கொள்ளும். ஜெராக்ஸ் மிஷினும் இதையே செய்யும். வாட்ஸ்அப்பில் போட்டோவாக வந்த படத்தின் அளவு எந்தக் கணக்கிலும் சேராது. சாய்த்து எடுத்திருந்தால் ஒரு பக்கம் நீண்டும் மறுபக்கம் குறுகியும் கூட இருக்கும். ஆனால் மூலையில் அச்சிட்டிருக்கும் 1:1000 என்ற எழுத்து மட்டும் மாறாது. படம் சுருங்கினாலும் அது 1:1000 என்றே சொல்லிக்கொண்டிருக்கும். பிரின்ட் செய்யும்போது Actual size என்பதைத் தேர்ந்தெடுத்து எடுத்தோம். அதே கோடு 8 செ.மீ. சரியாக வந்தது.

தம்பி உடனே ஒப்புக்கொள்ளவில்லை. "ஆறு மில்லிமீட்டர் குறைஞ்சதுக்கு எட்டு சென்ட்டா போகும்?" என்று கேட்டார். நல்ல கேள்வி. எட்டு செ.மீ.க்குப் பதில் 7.4 என்றால் நூற்றுக்கு ஏழரைதான் குறைவு. ஆனால் நிலத்துக்கு நீளமும் உண்டு, அகலமும் உண்டு. நீளமும் நூற்றுக்கு ஏழரை சுருங்குகிறது, அகலமும் அதேபோல் சுருங்குகிறது. 0.925-ஐ 0.925-ஆல் பெருக்கிப் பாருங்கள்: 0.856 வருகிறது. பரப்பில் நூற்றுக்குப் பதினான்கு போய்விட்டது. 59.3 சென்ட்டில் பதினான்கு சதவீதம் என்றால் எட்டரை சென்ட். ஸ்கேலில் அரை மில்லிமீட்டர் முன்பின் வாசித்ததால் தம்பிக்கு எட்டு வந்தது.

பரப்பு இப்படி இரண்டு மடங்கு வேகத்தில் மாறுவதை மறப்பவர்கள் பலர். படத்தில் சதுரக் கட்டம் போட்டு எண்ணுகிறவர்களும் இதில் தவறுவார்கள். 1:1000-இல் 1 செ.மீ. பத்து மீட்டர் என்பதால் ஒரு சதுர செ.மீ. பத்து சதுர மீட்டர் என்று எழுதிவிடுவார்கள். அது நூறு சதுர மீட்டர், ஒரு ஏர். 1:500-இல் 1 செ.மீ. ஐந்து மீட்டர், ஒரு சதுர செ.மீ. இருபத்தைந்து சதுர மீட்டர்.

சரி, மறுபடி பிரின்ட் எடுக்க வழியில்லை, கையில் இருப்பது சுருங்கிய காகிதம் மட்டும்தான் என்றால் என்ன செய்வது? எண் தெளிவாகத் தெரிகிற ஒரே ஒரு கோடு கிடைத்தால் போதும். கூடியவரை நீளமான கோடாக இருக்கட்டும். அதில் எழுதியிருக்கும் மீட்டரை, ஸ்கேலில் வரும் செ.மீ.ஆல் வகுங்கள். இங்கே 80-ஐ 7.4-ஆல் வகுத்தால் 10.81. இந்தக் காகிதத்தில் ஒரு செ.மீ. பத்து மீட்டர் இல்லை, 10.81 மீட்டர். இதுதான் இந்தக் காகிதத்தின் உண்மையான அளவை; மூலையில் அச்சானதை மறந்துவிடலாம். இப்போது 3 செ.மீ. உயரம் 32.4 மீட்டர், 2.6 செ.மீ. உயரம் 28.1 மீட்டர். கூட்டினால் 60.5. எண்பதால் பெருக்கிப் பாதியாக்கினால் 2420 சதுர மீட்டர், 59.8 சென்ட். பட்டாவுடன் அரை சென்ட்தான் வித்தியாசம். அது ஸ்கேலை வாசித்த வித்தியாசம். படத்தில் எழுதியிருக்கும் உயரங்கள் 32, 28. அவற்றைக் கொண்டு கணக்கிட்டால் 2400 சதுர மீட்டர், பட்டாப்படி 24 ஏர், சரியாக வருகிறது.

படத்தில் எண் எழுதியிருந்தால் எண்ணைத்தான் எடுக்க வேண்டும், ஸ்கேலை வைக்கக் கூடாது. எண் தரையில் அளந்தது. கோடு அதைப் பார்த்து வரைந்தது. ஸ்கேல் எண் இல்லாத இடத்துக்கு மட்டும்தான்.

ஆனால் அந்த எண் எந்த அளவில் இருக்கிறது என்பதைப் பார்த்துக்கொள்ள வேண்டும். பெட்டியில் பழைய புலப்பட நகல் வைத்திருப்பவர்கள் நம்மிடையே உண்டு. மீட்டருக்கு முந்திய காலத்துப் படங்களில் நீளங்கள் லிங்க் கணக்கில் இருக்கும். அறுபத்தாறு அடிச் சங்கிலியில் நூறு கண்ணி. ஒரு கண்ணிதான் ஒரு லிங்க், கிட்டத்தட்ட எட்டு அங்குலம். நூறு லிங்க் 20.12 மீட்டர். பழைய படத்தில் 398 என்று இருப்பதும் புதிய படத்தில் 80.0 என்று இருப்பதும் ஒரே கோடாக இருக்கலாம். அந்தக் காலத்து அளவர்கள் லிங்க்கை விரும்பியதற்குக் காரணம் உண்டு: ஆயிரம் சதுர லிங்க் ஒரு சென்ட், லட்சம் சதுர லிங்க் ஒரு ஏக்கர். பெருக்கிவிட்டு மூன்று இலக்கத்தைத் தள்ளினால் சென்ட் வந்துவிடும். கோட்டை விதைப்பாடு, மரக்கால் விதைப்பாடு என்று பேசிய நம் பெரியவர்கள் சென்ட்டுக்கு மாறியதற்கு இந்த வசதியும் காரணமாக இருக்கலாம் என்பது நம் எண்ணம்.

அண்ணாச்சியின் வேலி விஷயத்துக்கு வருவோம். தம்பி கடைசியாக ஒரு வாதம் வைத்தார்: "படம் சரியாவே இருக்கட்டும் காக்கா, அவர் தள்ளிப் போட்டிருந்தா?" தள்ளிப் போட்டிருக்கலாம். ஆனால் அது இந்தக் காகிதத்தில் ஒருநாளும் தெரியாது. புலப்படம் என்பது அளவர் வந்து அளந்த நாளில் எல்லை இருந்தபடி எழுதி வைத்த பதிவு. அதற்குப் பிறகு யார் வேலியை எங்கே நகர்த்தினாலும் படத்தின் கோடு நகராது. படத்தைக் காட்டில் கொண்டுபோய், அதில் எழுதியிருக்கும் 59.4 மீட்டர் தரையிலும் இருக்கிறதா என்று டேப் பிடித்துப் பார்த்தால்தான் ஆக்கிரமிப்பு தெரியும். படத்தை மட்டும் அளந்து பரப்பு குறைகிறது என்றால் படத்திலோ கணக்கிலோதான் கோளாறு. இன்னொரு அடையாளமும் உண்டு. ஒருவர் எல்லையைத் தள்ளினால் அந்தப் பக்கம் மட்டும் குறையும். தம்பியின் காகிதத்தில் தெற்கே வண்டிப்பாதை ஓரம், மேற்கே, கிழக்கே, எல்லாப் பக்கமும் ஒரே விகிதத்தில் குறைந்திருந்தன. நாலு பக்கமும் நூற்றுக்கு ஏழரை வீதம் திருட யாராலும் முடியாது.

புகார்க் காகிதத்தைத் தம்பியே மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

பிறகு பங்கு பிரிக்கும் வேலை. ஜெராக்ஸில் கோடு போடுவது சரிப்படாது என்பதால், புதிதாகப் பெரிய அளவில் ஒரு படம் வரையலாம் என்றோம். மறுநாள் லாத்தாமார் இருவரும் வந்தார்கள். மூத்தவரின் மகள் பத்தாம் வகுப்பு. ஜாமெட்ரி பாக்ஸ் அவளுடையது.

வரைவதற்கு முன் அளவையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இதில் பலர் செய்வது, கண்ணால் ஒரு அளவையை ஊகித்து வரைய ஆரம்பிப்பது. முக்கால்வாசி போன பிறகு கடைசி மூலை காகிதத்துக்கு வெளியே விழும். அதற்கு ஒரு நிமிடக் கணக்கு இருக்கிறது. A4 காகிதம் 29.7 செ.மீ.க்கு 21 செ.மீ. சுற்றிலும் இரண்டு செ.மீ. ஓரம் விட்டால் வரையக் கிடைப்பது ஏறக்குறைய 25-க்கு 17. நிலத்தின் நீளவாட்டு 80 மீட்டர், குறுக்குவாட்டு இரண்டு உயரமும் சேர்ந்து 60 மீட்டர். காகிதத்தின் நீளவாட்டில் நிலத்தின் நீளவாட்டை வைக்கிறோம். 80 மீட்டர் என்பது 8000 செ.மீ.; அதை 25-ஆல் வகுத்தால் 320. 60 மீட்டர் 6000 செ.மீ.; அதை 17-ஆல் வகுத்தால் 353. இரண்டில் பெரியதைத்தான் எடுக்க வேண்டும். சிறியதை எடுத்தால் நீளம் அடங்கும், அகலம் வெளியே போகும். ஆக 1:353-க்குக் குறையாத அளவை வேண்டும். 353 என்ற எண்ணில் யாரும் வரைவதில்லை. அதற்கு அடுத்த முழு எண் 400.

பத்தாம் வகுப்புப் பிள்ளை 400 என்றே சொன்னாள். படம் பெரிதாக வரும், அதனால் துல்லியம் கூடும் என்பது அவள் வாதம். அது உண்மைதான். ஆனால் நாம் 500 என்றோம். 1:400-இல் படம் 20-க்கு 15 செ.மீ. வந்து காகிதத்தை அடைத்துக்கொள்ளும். வடக்குக் குறி, பாதை, பக்கத்து நிலக்காரர் விவரம், ஒவ்வொரு பக்கத்தின் நீளம் இதெல்லாம் எழுத இடம் நெருக்கடி. மேலும் 1:500-இல் ஒரு மில்லிமீட்டர் அரை மீட்டர். மீட்டரை இரண்டால் பெருக்கினால் மில்லிமீட்டர், மில்லிமீட்டரைப் பாதியாக்கினால் மீட்டர். கால்குலேட்டர் இல்லாமலே லாத்தாமார் சரிபார்த்துக்கொள்ளலாம். பங்கு வாங்குகிறவருக்கே புரியாத படத்தில் துல்லியம் இருந்து என்ன பயன்? 1:500-இல் படம் 16-க்கு 12 செ.மீ., தாராளமாக அடங்கியது.

வரைந்த விதம்: 16 செ.மீ.க்கு அ–இ கோடு. அ-விலிருந்து 30 மீட்டரில், அதாவது 6 செ.மீ.யில், மூலைமட்டம் வைத்து மேல்பக்கம் 6.4 செ.மீ. செங்குத்து, அதன் நுனி ஆ. அ-விலிருந்து 50 மீட்டரில், 10 செ.மீ.யில், கீழ்ப்பக்கம் 5.6 செ.மீ.; அதன் நுனி ஈ. நான்கு மூலைகளையும் சேர்த்தோம். சேர்த்த பிறகு பக்கங்களை அளந்து பார்க்க வேண்டும், ஏனென்றால் இவற்றை நாம் வரையவில்லை, இவை தானாக வந்தவை. அ–ஆ 8.8 செ.மீ. வந்தது: 44 மீட்டர், புலப்படத்தில் 43.9. ஆ–இ 11.9 செ.மீ.: 59.5; புலப்படத்தில் 59.4. இ–ஈ 8.2 செ.மீ.: 41. ஈ–அ 11.5 செ.மீ.: 57.5, புலப்படத்தில் 57.3. நான்கும் ஒத்துவந்தால் படம் சரி. ஒரு பக்கம் மட்டும் மீட்டர் கணக்கில் விலகியிருந்தால் ஏதோ ஒரு செங்குத்தைத் தப்பான இடத்தில் எழுப்பியிருக்கிறோம் என்று அர்த்தம்.

தெற்கே வண்டிப்பாதை அ-விலிருந்து ஈ வரை வந்து, அங்கே திரும்பி இ வரை போகிறது. மூன்று பங்குக்கும் பாதை கிடைக்க வேண்டும். தம்பி, ஆ-விலிருந்து ஈ-க்கு ஒரு கோடு போட்டால் சரிபாதி ஆகிவிடும், கிழக்குப் பாதி தனக்கு, மேற்குப் பாதி லாத்தாமார்க்கு என்றார். பார்வைக்குச் சரிபாதிதான். அளந்து பார்த்தோம். ஆ–ஈ கோடு 12.65 செ.மீ.: 63.25 மீட்டர். அ மூலையிலிருந்து அதற்கு உயரம் 7.7 செ.மீ.: 38.5 மீட்டர். இ மூலையிலிருந்து 7.45 செ.மீ.: 37.25 மீட்டர். பரப்பு கணக்கிட்டால் மேற்கே 1218, கிழக்கே 1178 சதுர மீட்டர். இரண்டையும் கூட்டினால் 2396. இருக்க வேண்டியது 2400. படத்தில் அளந்த கணக்குக்கு இது நல்ல ஒற்றுமை. கூட்டுத்தொகை நூறு சதுர மீட்டர் விலகியிருந்தால் மறுபடி அளந்திருப்போம்.

ஆக மேற்குப் பக்கம் ஏறக்குறைய இருபது சதுர மீட்டர் கூடுதல், அரை சென்ட். கோட்டை ஆ-வில் அப்படியே வைத்துக்கொண்டு கீழ் நுனியைப் பாதையோரமாக அ-வை நோக்கிக் கொஞ்சம் நகர்த்த வேண்டும். எவ்வளவு என்றால், ஆ-விலிருந்து பாதையோரக் கோட்டுக்குச் செங்குத்துத் தூரம் படத்தில் 8.5 செ.மீ., அதாவது 42.5 மீட்டர். இருபது சதுர மீட்டர் உள்ள முக்கோணத்துக்கு, நாற்பதை 42.5-ஆல் வகுத்தால் 94 செ.மீ. தரையில் ஒரு மீட்டருக்குக் குறைவு. படத்தில் இரண்டு மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. தம்பி, "இந்தக் கால் விரல் அகலத்துக்கா காக்கா?" என்று சிரித்தார். மூத்த லாத்தா சிரிக்கவில்லை. "உன் பாகம் உனக்கு முழுசா வரட்டும் தம்பி. நாளைக்கு யார் மேலேயும் யாருக்கும் பாக்கி இருக்கக் கூடாது" என்றார். கூடுதல் அவர் பக்கம்தான் இருந்தது என்பதைக் கவனியுங்கள்.

மேற்குப் பாதி 1200 சதுர மீட்டர் முக்கோணம். அதன் பாதையோரம் இப்போது 56.4 மீட்டர். அதன் நடுப்புள்ளியிலிருந்து ஆ-வுக்குக் கோடு போட்டால் இரண்டும் 600, 600. ஒரே உயரம், சம அடி. ஆளுக்கு 28.2 மீட்டர் பாதை முகப்பு. ஆனால் இளைய லாத்தா ஒரு குறை சொன்னார்: மூன்று பங்கும் ஆ மூலையில் ஊசிபோல் ஒடுங்குகின்றன, அந்த நுனியில் டிராக்டர் திரும்பாது. அது காகிதத்தில் தெரியாத விஷயம், காட்டில் நின்றவருக்குத்தான் தெரியும். விதைப்பு அந்த நுனியில் சேர்ந்தே நடக்கட்டும், வரப்பு வேண்டாம், கல் மட்டும் நடலாம் என்று அவர்களே பேசி முடித்துக்கொண்டார்கள்.

படத்தின் கீழே, 1:500 என்று எழுதியதோடு நிற்காமல், பத்து செ.மீ.க்கு ஒரு கோடு போட்டு 0, 10, 20 என்று 50 மீட்டர் வரை பிரித்து எழுத வைத்தோம். இனி யார் ஜெராக்ஸ் எடுத்தாலும் படத்தோடு அந்தக் கோடும் சேர்ந்து சுருங்கும். அந்தக் கோட்டை வைத்தே அளந்துகொள்ளலாம்.

இந்தப் படம் பேச்சுவார்த்தைக்குத்தான், எல்லை நடுவதற்கு இல்லை என்பதையும் சொல்லியே அனுப்பினோம். பென்சில் கோட்டின் கனமே அரை மில்லிமீட்டர். 1:500-இல் அது தரையில் 25 செ.மீ. எண்பது மீட்டர் நீள வரப்பில் 25 செ.மீ. தள்ளிப்போனால் இருபது சதுர மீட்டர், அரை சென்ட். 1:1000-இல் அதே பென்சில் கோடு அரை மீட்டர். 1:5000 அளவையில் உள்ள கிராம வரைபடம் என்றால் இரண்டரை மீட்டர். அதைக் காட்டி வரப்புச் சண்டை போடுகிறவர்களை நாம் பார்த்திருக்கிறோம். உட்பிரிவுக்கு மனுச் செய்து, சர்வேயர் தரையில் அளந்து, கல் நட்டு, உட்பிரிவு எண்ணோடு புதுப் புலப்படம் வருவதுதான் முடிவு.

மனுக் கொடுத்து, சர்வேயரும் வந்துபோனார். நாமும் கூடப் போயிருந்தோம். வடக்கு வேலியோரம் ஆ–இ பக்கத்தை அளக்கும்போது டேப்பின் ஒரு முனையைத் தம்பி பிடித்தார். மறுமுனையைப் பிடிக்க ஆள் இல்லாமல் அண்ணாச்சியே வந்து பிடித்தார். 59.4 வந்தது.

புலப்படத்தோடு வர நினைப்பவர்கள் போட்டோவாக இல்லாமல், Actual size பிரின்ட்டாக எடுத்து வாருங்கள். ஒரு 30 செ.மீ. ஸ்கேலும் மூலைமட்டமும் அலுவலகத்தில் வாங்கி வைத்திருக்கிறோம்.

— செயலாளர்